நான் எழுதாமல் விட்ட விளக்கு

நான் பிறவியிலேயே பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டு, பூட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்க்கத் திரும்பி வருகிற ஆள். பஸ்ஸில் ஏறினால் அவசர வழி எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று என் மனைவி ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது சொல்லிவிடுவாள். அந்தப் பயத்துக்கு ஒரு காலத்தில் எனக்குச் சம்பளமே கொடுத்தார்கள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

எங்கள் முதலாளிக்குக் கடலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சைவ ஹோட்டல், சிதம்பரத்தில் இன்னொன்று. நான் கடலூர்க்காரன். கேட்டரிங் படித்துவிட்டு, 2007இல் சிதம்பரம் கடைக்கு சூப்பர்வைசராகப் போனேன். வாரத்தில் ஆறு நாள் சிதம்பரத்தில் ரூம், ஒரு நாள் கடலூரில் வீடு. இரவில் கடைசி ஆளாகக் கடையைப் பூட்டிச் சாவியை எடுத்துப்போவது என் வேலை. பூட்டையும் என்னையும் பற்றி மேலே சொன்னதை வைத்து, அது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

2009இல் கடலூர் கடையில் ஒரு விபத்து நடந்தது. இரவு வடை போட்ட எண்ணெய்ச் சட்டியை அடுப்பிலேயே வைத்துவிட்டு, சிம்மில் இருந்த தீயைக் கவனிக்காமல் ஆட்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். எண்ணெய் புகைந்து பற்றி, மேலே இருந்த புகைக்கூண்டுக்குள் படிந்திருந்த பிசுக்கில் தீ ஏறிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மறுநாள் நான் போய்ப் பார்த்தபோது கூரை முழுவதும் கரி. அந்தக் கரியைப் பார்த்துக்கொண்டு நின்ற பத்து நிமிடத்தில் என் சட்டை நனைந்துவிட்டது.

அந்த வாரமே முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"நைட்டு கிச்சன எப்படி மூடணும்னு ஒண்ணொண்ணா எழுதிக் குடுங்க. எஸ்.ஓ.பி.ன்னு சொல்றாங்க. ஃபயர் சர்வீஸ்ல லைசென்சுக்குக் கேக்கறாங்க, நமக்கும் நல்லது."

"நானா சார்? மாஸ்டர் யாராவது எழுதினா..."

"மாஸ்டருங்க தைரியசாலிங்க. அவுங்க எழுதினா ரெண்டு வரியில முடிச்சிடுவாங்க. நீங்க பயந்த ஆளு. நீங்கதான் சரியா எழுதுவீங்க."

அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

மத்தியானம் மூன்று மணிக்கு மேல் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்து, மாலை டிபனுக்கு அடுப்பு மூட்டும் வரை சமையலறையில் ஒரு மணி நேரம் அமைதி இருக்கும். அந்த நேரத்தில் உருளைக்கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்துக்கொண்டு எழுதினேன். எழுதும்போதுதான் தெரிந்தது, இரண்டு வருடம் தினமும் பார்த்த சமையலறையை நான் பார்த்ததே இல்லை என்று. ஒவ்வொரு பொருளையும் 'நீ எப்படி என்னைக் கொல்லுவாய்?' என்று கேட்டுக்கொண்டு சுற்றி வந்தேன். எண்ணெய்ச் சட்டி சொன்னது, சூட்டோடு என்னை நகர்த்து, போதும். கிரைண்டர் சொன்னது, பிளக்கைப் பிடுங்காமல் கழுவு. தரை சொன்னது, சோப்புத் தண்ணீரை அப்படியே விட்டுவிட்டுப் போ, காலையில் வருகிறவனை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு விதி எழுதினேன். சூடான எண்ணெயைத் தூக்கக் கூடாது, மூடி போட்டு ஆறவிட வேண்டும். அடுப்பு அணைந்த பிறகும் கொஞ்ச நேரம் எக்ஸாஸ்ட் ஓட வேண்டும். புகைக்கூண்டின் பிசுக்குத் தட்டைத் தினமும் கழற்றிக் கழுவ வேண்டும். மார்கழிக் குளிரில் அடுப்புச் சூட்டுக்காக யாரும் சமையலறையில் படுக்கக் கூடாது. ஆட்கள் எட்டுப் பேர் சமையலறைக்கு நேர் மேலே இருந்த மாடி அறையில் தங்கியிருந்தார்கள். அதற்குப் படி வெளியே, சந்தில் இருந்தது.

மூன்றாவது விதியில் நான் முதலில் ஒரு பெரிய தப்புச் செய்தேன். எங்கள் சமையலறையில் தரையோடு தரையாகச் சந்துப் பக்கம் ஒரு ஓட்டை உண்டு. அது வழியாகப் பெருச்சாளி வரும் என்று தினமும் கோணிச் சாக்கைத் திணித்து அடைப்பார்கள். அதையே நானும் அழகாக விதியாக எழுதிவிட்டேன். சிலிண்டர் கொண்டுவரும் கம்பெனியின் மெக்கானிக் ஒருநாள் குழாய் பார்க்க வந்தபோது என் நோட்டைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"சார், கேஸு காத்த விட கனம். தண்ணி மாரி தரையிலதான் தேங்கும். லீக்கானா அது வெளிய போறதுக்கு இருக்கிற ஒரே வழி இந்த ஓட்டதான். இத போயி அடைக்க சொல்றீங்களே."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளே சாக்கைப் பிடுங்கிவிட்டு, பெருச்சாளி நுழையாதபடி கெட்டியான கம்பி வலை அடித்தோம்.

கேஸ் மூடுவதையும் அவரே சொல்லிக்கொடுத்தார். சிலிண்டர்கள் நான்கும் சந்தில், வெளியே, கம்பிக் கூண்டுக்குள் இருந்தன. அங்கிருந்து குழாய் உள்ளே வரும். முதலில் வெளியே மெயின் வால்வை மூட வேண்டும். குழாயில் மிச்சம் இருக்கிற கேஸ் எரிந்து, தீ தானாக அணையும். அப்புறம் உள்ளே ஒவ்வொரு அடுப்பின் குமிழையும் மூட வேண்டும். இப்படிச் செய்தால் ராத்திரி முழுவதும் குழாயில் கேஸ் இருக்காது. நான் அதை ஒரே வரியில் எழுதினேன். 'மெயினை மூடி, தீ அணைந்ததும் எல்லாக் குமிழ்களையும் மூடவும்.' பக்கத்தில் டிக் போட ஒரு கட்டம்.

ஆக மொத்தம் பதினோரு விதி. பன்னிரண்டாவது ஒன்று இருந்தது. அதை நான் எழுதவில்லை. தெரியாமல் விடவில்லை, தெரிந்தே விட்டேன்.

எங்கள் சரக்கு மாஸ்டர், அதாவது தலைமைச் சமையல்காரர், ஸ்ரீமுஷ்ணத்துக்காரர். ஐம்பது வயதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். இரவு அடுப்பைக் கழுவித் துடைத்ததும், அரிசி மாவால் அடுப்பு மேடையில் சின்னதாக ஒரு கோலம் போடுவார். மேலே சுவரில் அலமாரி அடித்து ஒரு சாமி படம் வைத்திருந்தார்கள். அதற்கு ஒரு முழம் பூ சார்த்தி, அகல் விளக்கு ஏற்றி, கும்பிட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். நான் கதவைப் பூட்டும்போது கம்பி ஜன்னல் வழியாக அந்த மஞ்சள் வெளிச்சம் தெரியும். காலையில் வந்து பார்த்தால் எண்ணெய் தீர்ந்து திரி கருகிக் கிடக்கும்.

கேஸ் இருக்கிற அறையில் ராத்திரி முழுவதும் ஒரு தீ. அதைவிடப் பெரிய விஷயம் அந்தச் சமையலறையில் எதுவும் இல்லை. பெருச்சாளி ஓட்டைக்குக்கூட விதி எழுதின எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் நான் கிறிஸ்தவன். கோயில் ஊரில், சைவ ஹோட்டலில், அவர்கள் சாமி விளக்கை அணை என்று ஒரு வேதக்கார சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்தால் என்ன நினைப்பார்கள்? யாரும் என்னை ஒரு வார்த்தை தப்பாகப் பேசினதில்லை. தீபாவளிக்கு எனக்கும் சேர்த்துத்தான் துணி எடுப்பார்கள். அந்த நல்ல பேர் கெட்டுவிடுமோ என்று பயந்தேன். தீக்குப் பயப்பட்டதைவிட அதற்குத்தான் அதிகம் பயந்தேன். இதை இன்று எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆட்கள் எல்லாரையும் டைனிங் ஹாலில் உட்காரவைத்து விதிகளைப் படித்துக் காட்டினேன். பரோட்டா போடுகிறவர், "ஏட்டுச் சுரக்கா கறிக்கு ஒதவுமா சார்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சரக்கு மாஸ்டர் மட்டும் சிரிக்காமல், பதினோராவது விதி முடிகிற வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தாளை மடித்ததும் எழுந்து போய்விட்டார்.

இனி என் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் தம்பி. அவனுக்கு டீ மாஸ்டர் வேலையை அந்தக் கடையில் வாங்கிக் கொடுத்ததே நான்தான். அப்போது அவனுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். விடியற்காலை நாலு மணிக்கு முதல் ஆளாக வந்து, தன்னிடம் இருக்கிற இன்னொரு சாவியால் கடையைத் திறப்பவன் அவன். அதாவது, நான் இரவு மூடிவிட்டுப் போகிற சமையலறைக்குள் அடுத்து நுழைகிற மனிதன் அவன்தான். 'பாத்துக்குங்க மாப்ள' என்று என் மாமியார் அவனை என்னிடம் ஒப்படைத்தபோது, நான் எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

விதிகள் வந்து மூன்று வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. தினமும் நானே கூட நின்றேன். வெளியே மெயினை மூடுவேன், பரோட்டா மாஸ்டர் உள்ளே குமிழ்களை மூடுவார், நான் வந்து டிக் போடுவேன். கிறிஸ்துமஸ் வந்தது. நடுராத்திரிப் பூசைக்குக் கடலூர் போக வேண்டும். அந்த ஒரு நாள் மட்டும் தாளையும் சாவியையும் பரோட்டா மாஸ்டரிடம் ஒப்படைத்தேன். மச்சானையும் கூப்பிட்டேன்.

"நீங்க போங்க மாமா. நான் பகல் பூசைக்கு வந்துடறேன். மார்கழி டீ யாவாரத்த உட முடியுமா? கோயிலுக்குப் போறவங்க மொத்தம் நம்ம கடையிலதான் நிப்பாங்க." அவனுக்கு நல்ல ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்.

பூசையில் நான் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். முழங்காலில் நிற்கிறேன், மனசு சிதம்பரத்தில் குமிழ் குமிழாக எண்ணிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு வந்து கேக்கைக் கையில் எடுத்தேன், இறங்கவில்லை. என் மனைவி என்னைப் பார்த்துவிட்டு, "கெளம்புங்க. இங்க இருந்தாலும் நீங்க அங்கதான் இருப்பீங்க. தம்பிய பகல்ல கூட்டிக்கிட்டு வாங்க" என்றாள். பூட்டை இழுத்துப் பார்க்கப் போகிறோம் என்ற நினைப்பில்தான் பஸ் ஏறினேன். வேறு எந்த முன்னுணர்வும் எனக்கு வரவில்லை.

நாலே காலுக்குச் சந்துக்குள் நுழைந்தேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது. மச்சான் தலையில் மப்ளர் கட்டிக்கொண்டு சந்துக் குழாயடியில் இரண்டாவது குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தான். அவன் பழக்கம் எனக்குத் தெரியும். வந்ததும் கூண்டைத் திறந்து மெயின் வால்வைத் திறப்பான். பக்கத்திலேயே குழாய் இருப்பதால் பல் விளக்கி, பாய்லருக்குத் தண்ணீர் பிடிப்பான். அப்புறம்தான் கதவைத் திறந்து உள்ளே போவான். உள்ளே போனதும் இடது கைப் பக்கம் டியூப் லைட் சுவிட்ச்.

அந்தக் கம்பி வலை அடித்த ஓட்டையைத் தாண்டும்போது காலடியிலிருந்து வாசனை வந்தது. அழுகின முட்டைக்கோஸ் மாதிரி ஒரு நாற்றம். கேஸில் வேண்டுமென்றே சேர்க்கிற நாற்றம்.

கம்பி ஜன்னலைப் பார்த்தேன். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஒரு நொடியோ இரண்டு நொடியோ, நான் ஓடிவிடலாமா என்று நினைத்தேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அதற்குள் மச்சான் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் சாவியோடு கதவுப் பக்கம் திரும்பினான்.

"டேய், நில்லு. கதவத் தொடாத."

"என்ன மாமா, ராத்திரியே வந்துட்டீங்க?"

"கேஸ் அடிக்குது."

"எனக்கு ஒண்ணும் வரலியே. மூக்கு அடச்சிருக்குது."

கூண்டுக்குள் கையை விட்டு மெயின் வால்வை மூடினேன். எந்தப் பக்கம் திருப்புவது என்றே ஒரு கணம் மறந்துபோனது. "எத்தினி நேரமாச்சு தொறந்து?" என்றேன். "பத்து நிமிஷம் இருக்கும்" என்றான். சொல்லும்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது. குடத்தைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான். ஏதோ குழந்தை தூங்குகிற வீடு மாதிரி அவ்வளவு மெதுவாக வைத்தான்.

மேலே எட்டுப் பேர் தூங்குகிறார்கள். கீழே இருந்து கத்தினால் எழுந்தவுடன் முதல் வேலையாக லைட்டைப் போடுவார்கள். மச்சானைத் தெருவுக்குப் போய் செல்போனில் ஃபயர் சர்வீஸைக் கூப்பிடச் சொன்னேன், இங்கே நின்று பேசாதே என்று சேர்த்துச் சொன்னேன். இருட்டில் படியேறினேன். அந்தப் படியில் எத்தனை படி என்று எனக்கு இன்றும் தெரியும், பத்தொன்பது. ஒவ்வொன்றிலும் என் காலுக்குக் கீழே அந்த விளக்கு எரிகிறது என்று நினைத்துக்கொண்டே ஏறினேன். ஒவ்வொருவரையும் தொட்டு எழுப்பி, காதோடு, "லைட் போடாத, செருப்பு தேடாத, எறங்கு" என்றேன். பரோட்டா மாஸ்டர் மட்டும் எழுந்து உட்கார்ந்து தலைமாட்டில் தீப்பெட்டி தேடினார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேதான் கீழே கூட்டிவந்தேன்.

தெருவில் நின்றோம். அங்கிருந்து சந்தின் உள்ளே ஜன்னல் தெரிந்தது. உள்ளே போய் அந்த விளக்கை அணைக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். போகக் கூடாது என்றேன். கதவைத் திறந்தால் காற்று கலந்து என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, தெரியாதபோது ஆளை அனுப்ப முடியாது. ஒரு அகல் விளக்கைப் பத்துப் பேர் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தோம். அது ஆடினால் எங்கள் உயிர் ஆடியது. அப்போதுதான் எனக்கு ஃப்ரிட்ஜ் நினைவு வந்தது. ராத்திரி முழுவதும் ஓட வேண்டிய பொருள் என்று நானே விதியில் விலக்குக் கொடுத்திருந்தேன். அது எந்த நிமிடமும் தானாக 'டக்' என்று ஓட ஆரம்பிக்கும், அதிலும் பொறி உண்டு. நல்லவேளையாக கரண்ட் மெயின் சுவிட்ச் கடையின் முன்பக்கம், தெருவோரம் இருந்தது. அதைத் தொடலாமா என்றுகூட எனக்குச் சந்தேகம். வண்டி வரும் வரை தொடவில்லை.

மச்சான் என் பக்கத்தில் நின்றான். "மாமா, நீங்க வரலன்னா நான் உள்ள போயி லைட்ட போட்டுருப்பேன் இல்ல?" என்று கேட்டான். நான் அவன் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டேன்.

தீயணைப்பு வண்டி வந்தது. அதிகாரி முதலில் எங்களை இன்னும் தள்ளிப் போகச் சொன்னார். முன்பக்க மெயின் சுவிட்சை இறக்கினார்கள். ஜன்னல் வழியாகப் பனி மாதிரி தண்ணீரைத் தூவினார்கள். முதல் தூறலிலேயே விளக்கு போய்விட்டது. நான் அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் கதவை அகலத் திறந்து, வெகுநேரம் காற்றாட விட்டார்கள்.

விடிந்த பிறகு எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். இட்லி அடுப்பின் இரண்டாவது குமிழ் முழுசாகத் திறந்திருந்தது. அதன் முன்னால் பெரிய இட்லிக் கொப்பரையைக் கழுவிச் சாய்த்து வைத்திருந்தார்கள், குமிழ் கண்ணுக்கே தெரியவில்லை. நடந்தது எனக்கு அப்போதே புரிந்தது. பழைய வழக்கப்படி குமிழைத் திருப்பினால்தான் தீ அணையும், அதனால் யாரும் மறக்கமாட்டார்கள். என் விதிப்படி மெயினை மூடினால் தீ தானாக அணைகிறது. தீ இல்லாத அடுப்பில் கை போக வேண்டிய அவசியமே இல்லை. எட்டுக் குமிழுக்கும் ஒரே கட்டம், ஒரே டிக். சுவரில் தொங்கின தாளைப் பார்த்தேன். பதினோரு கட்டத்திலும் மேலிருந்து கீழே ஒரே கோடாக டிக் இழுத்திருந்தது. பரோட்டா மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். அவரை நான் என்ன சொல்ல? மூடுவதற்குப் பதினோரு விதி எழுதின நான், திறக்கிறவன் வால்வைத் தொடுவதற்கு முன்னால் என்ன பார்க்க வேண்டும் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. திறக்கிறவன் என் மச்சான்.

அதிகாரி அந்தத் தாளைக் கழற்றி நிதானமாகப் படித்தார்.

"அந்த ஓட்டைய அடைக்காம வல அடிச்சிருக்கீங்க பாருங்க, அதான் கேஸு கொஞ்சம் கொஞ்சமா வெளிய போயிருக்குது. வெளக்கு மேல அலமாரியில இருந்துது, கேஸு கீழ இருந்துது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா நாங்க வந்து கல்லுதான் பொறுக்கியிருக்கணும்." தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். "எல்லாம் நல்லாதான் எழுதியிருக்கீங்க. வெளக்கப் பத்தி எங்க?"

அதற்குள் யாரோ சொல்லி ஓடிவந்திருந்த சரக்கு மாஸ்டர், நனைந்து தொங்கிய சாமி படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அதிகாரி போன பிறகு என்னிடம் வந்தார்.

"சார், ஒண்ணு சொல்லட்டுமா? இந்த வெளக்கு ராத்திரி பூரா எரியற வெளக்கு இல்ல."

"தெனமும் எரியுதே மாஸ்டர்."

"நீங்க வந்த பெறகுதான் எரியுது. உங்களுக்கு முன்ன இருந்த சூப்பர்வைசர், கடசியா சாவி எடுத்துக்கினு போறதுக்கு முன்ன, ஒரு பூவ எடுத்து திரியில ஒத்தி வெளக்க மலையேத்திட்டுதான் பூட்டுவாரு. சாவி எடுத்துக்கினு போறவரு வேல அது. நீங்க வந்தீங்க. நீங்க வேதக்காரரு. எங்க சாமி வெளக்குக்கு நீங்க செய்யணும்னு எப்பிடி சார் வாய் தொறந்து கேக்கறது? தப்பா எடுத்துப்பீங்களோன்னு உட்டுட்டோம்." கையிலிருந்த படத்தின் ஈரத்தைத் துண்டால் ஒற்றினார். "அன்னைக்கு நீங்க படிச்சப்ப, பன்னண்டாவதா அத சொல்லுவீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன். சொல்லல. நானும் கேக்கல."

இரண்டு வருடம். நான் அவர் மனசு நோகக் கூடாது என்று விளக்கைத் தொடவில்லை, அவர் என் மனசு நோகக் கூடாது என்று தொடச் சொல்லவில்லை. அந்த மரியாதைக்கு மேலே எட்டுப் பேர் படுத்துத் தூங்கினார்கள். எனக்கு அழுகை வந்தது. மாஸ்டர் எதிரில் அழுதேன், மறைக்கவில்லை.

அன்று ராத்திரி, கடை மூடுவதற்கு முன், மறுபடி உருளைக்கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்தேன். இந்தத் தடவை தனியாக இல்லை, மாஸ்டரும் பரோட்டா மாஸ்டரும் கூடவே உட்கார்ந்தார்கள். எட்டுக் குமிழுக்கு எட்டுக் கட்டம். ஒருவர் மூட வேண்டும், இன்னொருவர் கையால் தொட்டுப் பார்த்துத்தான் டிக் போட வேண்டும். குமிழ்களுக்கு முன்னால் பாத்திரம் எதுவும் இருக்கக் கூடாது. திறக்கிறவருக்குத் தனித் தாள், அதில் முதல் வரி, கதவைத் திறந்து வாசனை பார்த்து, குமிழ்களைத் தொட்டுப் பார்த்த பிறகே மெயின். ஜலதோஷம் என்றால் அவர் திறக்கக் கூடாது, வேறு ஆள் திறக்க வேண்டும். கடைசி வரியை மாஸ்டர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'கேஸ் மூடின பிறகு விளக்கை மலையேற்றவும். பொறுப்பு: சாவி எடுத்துப்போகிறவர்.' அதே ராத்திரி, அவர் பக்கத்தில் நிற்க, ஒரு செவ்வந்திப் பூவை எடுத்துத் திரியில் ஒற்றினேன். புகை ஒரு நூலாக எழுந்தது. "அவ்வளவுதான் சார்" என்றார் மாஸ்டர்.

அன்று பகலில் மச்சானோடு நான் கடலூர் போனது தனிக் கதை. பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் என் மாமியார் அவனுக்கு விக்ஸ் தேய்த்துவிட்டு, "கேஸு வாசன கூடத் தெரியாத அளவுக்கா சளி?" என்று சாதாரணமாகக் கேட்டார். அவனே சொல்லியிருக்கிறான். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். "மாமா வந்துட்டாரும்மா" என்றான். நான் எழுதாமல் விட்டதை அவன் என் மாமியாரிடம் சொல்லவே இல்லை. நானும் சொல்லவில்லை. அந்தச் சோறு எப்படி இறங்கியது என்று தெரியாது. சாயங்காலமே பஸ் ஏறி, பூட்டுவதற்கு முன் வந்து சேர்ந்தேன்.

2012இல் அந்த வேலையை விட்டேன். போவதற்கு முன் புது சூப்பர்வைசரிடம் சாவியைக் கொடுக்க வேண்டியிருந்தது. அவர் ஒரு முஸ்லிம், பரங்கிப்பேட்டைக்காரர். தாளைப் படித்துக்கொண்டே வந்தவர் கடைசி வரியில் நின்றார். என்னைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார். ஏதோ கேட்க நினைத்து, கேட்காமல் தாளை மடிக்கப் போனார். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும்.

"மடிக்காதீங்க பாய்" என்றேன். "அதக் கேட்டுட்டு மடிங்க."